தரிப்பா, தெரிப்பா?

மதிப்புக்குரிய ஐயா,

எங்கள் வாசிகசாலைக்கு வந்து ‘பண்டத்தரிப்பு என்னும் பெயர்’ பற்றிப் பேசியதற்கு நன்றி. “உரை மிகவும் பயனுள்ளதாக இருந்தது” என்று மட்டும் எழுதி அனுப்பினால் எந்த ஸ்லைட் எங்களிடம் தங்கியது, எது நழுவியது என்று உங்களுக்குத் தெரியவராது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கூட்டம் முடிந்து தேத்தண்ணியோடு வாசலில் நின்று சனம் கதைத்ததும் இதில் சேர்ந்திருக்கிறது.

எல்லோருக்கும் முதலில் பிடித்தது ‘தரிப்பு’ ஸ்லைட். பஸ் தரிப்பிடத்தின் பலகையைப் படம் எடுத்துப் போட்டு, “இந்தச் சொல்லைத் தமிழ்நாட்டில் எத்தனை பஸ் பலகையில் காண்பீர்கள்?” என்று கேட்டீர்கள். அங்கே அது நிறுத்தம். உடை தரித்தல், வேடந்தரித்தல், கருத்தரித்தல் என்பவை இரு கரையிலும் உண்டு. நின்று தங்குதல் என்ற பொருளோ இங்கேதான் இன்னும் அன்றாடப் பேச்சில் இருக்கிறது. ‘ஓரிடத்தில தரிச்சு நிக்கமாட்டான்’ என்று பிள்ளையைத் திட்டாத வீடு எங்கள் ஊரில் இல்லை. பண்டம் தரிக்கும் இடம் பண்டத்தரிப்பு என்று நாங்கள் எல்லோரும் சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்த விளக்கத்துக்கு அது பலம் சேர்த்தது. பக்கத்து வடலியடைப்பை அடுத்த ஸ்லைட்டில் போட்டதும் நல்ல யோசனை. வடலியை அடைத்த இடம் வடலியடைப்பு என்றால், பண்டம் தரித்த இடம் பண்டத்தரிப்பு. பொருளும் அதன்மேல் நடந்த தொழிலும் சேர்ந்து ஊர்ப்பெயராகும் வழக்கம் அயலிலேயே இருக்கிறது.

அதோடு முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தபோதுதான் அந்த மாணவி எழும்பினாள். “சேர், பண்டத்து, அரிப்பு என்று பிரித்தால் என்ன?” சபை சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. மரத்து என்பதும் அடி என்பதும் சேர்ந்து மரத்தடி ஆவதுபோல இதுவும் இலக்கணப்படி சரி என்றீர்கள். மன்னாரில் அரிப்பு என்றே ஓர் ஊர் இருப்பதையும் சொன்னீர்கள். அரிசியை அரிப்பதுபோலப் பண்டத்தை அரிப்பது ஏதாவது இருந்ததா என்று நீங்கள் திருப்பிக் கேட்டபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவள் பிரிப்பை எழுத்தை மட்டும் வைத்து மறுக்க முடியாது என்பது அன்று எங்களுக்கு உறைத்தது. பண்டம், தரிப்பு என்று பிரித்தாலும் மகரம் கெட்டுத் தகரம் மிகுந்து அதே எழுத்துத்தான் வரும். எழுதிய வடிவம் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறது.

அடுத்து வந்த ‘வெளியார் கேட்டது’ ஸ்லைட்தான் எங்களுக்குள் இன்னும் விவாதமாக இருக்கிறது. ஒல்லாந்தப் போதகர் பால்தேயசின் நூல் 1672இல் அம்ஸ்ரடாமில் அச்சானது. அதில் வரும் வலிகாமத் தேவாலயங்களில் எங்கள் ஊர்த் தேவாலயமும் ஒன்று. அவர் எழுதிய பெயரின் கடைசிப் பகுதியை வாசித்தால் ‘தெரிப்பு’ என்று ஒலிக்கிறது. அமெரிக்க மிஷனின் மருத்துவர் ஜோன் ஸ்கடர் 1820இல் இங்கே வந்து வைத்தியம் தொடங்கினார். அந்த மிஷன்காரரின் எழுத்துக்கூட்டலோ கிட்டத்தட்ட ‘பண்டிதெரிப்போ’. ஒல்லாந்தருக்கும் அமெரிக்கருக்கும் இடையில் ஒன்றரை நூற்றாண்டு. இருவர் காதிலும் ‘த’ விழவில்லை, ‘தெ’ விழுந்திருக்கிறது. பின்வரிசையில் இருந்த ஒரு ஆச்சி அப்போது, “எங்கட அம்மம்மா பண்டத்தெரிப்பு எண்டுதான் சொல்லுவா” என்றதும் மண்டபமே திரும்பிப் பார்த்தது.

அந்தச் சான்றை நீங்களே சோதித்துக் காட்டியதுதான் நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோன பெரிய விஷயம். ஒரு வெளிநாட்டான் எழுதிய பெயரை நம்புவதற்கு முன், எங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேறு பெயர்களை அவன் எப்படி எழுதினான் என்று பார்க்கவேண்டும். பால்தேயஸ் வலிகாமத்தை ‘பெலிகாம’ என்று வாசிக்கும்படி எழுதினார். வகரம் பகரமானது போர்த்துக்கேயர் வழி வந்த பழக்கம் என்று விட்டுவிடலாம். ஆனால் வலியின் அகரமும் எகரமாகிவிட்டது. அதே ஆள் மல்லாகத்தின் முதல் அகரத்தைப் பிசகாமல் எழுதியிருக்கிறார். ஆகவே அவருடைய எகரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஊர்ப்பெயர் தெரிப்புத்தான் என்று சொல்ல முடியாது. அவரைவிட ஆச்சியின் அம்மம்மாவே கனமான சாட்சி. அவர் எழுதவில்லை, ஊருக்குள்ளிருந்து சொன்னார்.

இங்கே நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டோம். ஒரு கட்சி, தரிப்புத்தான் பேச்சில் தெரிப்பாகியது என்கிறது. தரிசனம் தெரிசனமாகும். கன்னியாகுமரி மாவட்டத்தில் தெரிசனங்கோப்பு என்று ஓர் ஊரே இருக்கிறது. கங்கை கெங்கையாகும், பலம் பெலமாகும். மற்றக் கட்சி, ஊர்ப்பெயர் முதலிலேயே தெரிப்பு என்கிறது. தெரிந்தெடுப்பது தெரிப்பு. பண்டத்தை வகைபிரித்து நல்லதைத் தெரிந்தெடுத்த இடம் அது, பிறகு படித்தவர்கள் அதைக் கொச்சை என்று எண்ணித் தரிப்பு எனத் திருத்தி எழுதினார்கள் என்பது அவர்கள் வாதம். நான் முதற் கட்சி. ஆனாலும் ஒரு முள் உறுத்துகிறது. எங்கள் கட்சி காட்டும் கங்கை, தரிசனம், பலம் எல்லாம் முதலெழுத்து மெலிந்து ஒலித்த வடசொற்கள். எங்கள் பெயரிலோ தகரம் நடுவில் நிற்கிறது, இரட்டித்து வன்மையாகவும் ஒலிக்கிறது. அங்கேயும் அந்த விதி செல்லுமா? தனியே நின்ற ‘தரி’ முதலில் ‘தெரி’ ஆகி, பிறகு பண்டத்தோடு ஒட்டியது என்று கொண்டால் செல்லும். இதற்கு உங்கள் பதில் வேண்டும். எப்படியானாலும் பேச்சில் இந்த ‘தெ’ பழையதானால், மாணவியின் ‘அரிப்பு’ ஏறக்குறைய விழுந்துவிடுகிறது. அரிப்பில் எகரத்துக்கு இடமில்லை.

ஒரு ஸ்லைட்டில் மட்டும் நாங்கள் உங்களோடு ஒத்துப்போகவில்லை. வரைபடத்தில் சம்பில்துறையிலிருந்தும் மாதகலிலிருந்தும் அம்புக்குறி கீறி, கடலால் இறங்கிய பண்டம் உள்நாட்டுக்குப் போகும் வழியில் இங்கே தரித்தது என்றீர்கள். இடம் பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் சம்பில்துறையை மகாவம்சத்தின் ஜம்புகோளம் என்று கொண்டால், அது சங்கமித்தை வந்திறங்கியதாகச் சொல்லப்படும் கி.மு. 3ஆம் நூற்றாண்டுத் துறை. பெயருக்கு நீங்கள் காட்டிய மூத்த சாட்சி 17ஆம் நூற்றாண்டு. ஏறத்தாழ 1900 ஆண்டு இடைவெளியை ஒரே அம்புக்குறி தாண்டுகிறது. பண்டம் எந்தக் காலத்து, யாருடைய வண்டியில் வந்தது என்று சொல்லாமல் அம்பைக் கீறினால், பார்ப்பவர் சங்கமித்தை காலத்திலேயே ஊருக்கு இந்தப் பெயர் இருந்தது என்று எடுத்துக்கொள்வார். அன்று இரவே இரண்டு பேர் அப்படித்தான் எடுத்துக்கொண்டு வாதாடினார்கள்.

பென்டிரைவில் நீங்கள் தந்த பிரதி வாசிகசாலைக் கணினியில் இருக்கிறது. அந்த வரைபட ஸ்லைட்டில் துறையின் காலத்தையும் பெயர்ச் சான்றின் காலத்தையும் தனித்தனியே குறித்து மாற்றி அனுப்பினால், பழையதை எடுத்துவிட்டு அதைப் போடுவோம். ஆச்சியையும் அவர் வயதுக்காரர் சிலரையும் ஊர்ப்பெயரைச் சொல்லச்சொல்லிப் பதிவுசெய்யத் தொடங்கியிருக்கிறோம். அவர்களுக்கு முன்னால் நாங்கள் பெயரை உச்சரித்துக் காட்டக்கூடாது என்று நீங்கள் எச்சரித்தபடியே, “நீங்கள் எந்த ஊர்?” என்று மட்டும் கேட்கிறோம். பதிவுகளை இந்தக் கடிதத்துக்குப் பின்னால் அனுப்பி வைக்கிறேன்.

இங்ஙனம்,
வாசிகசாலைச் செயலாளர்,
பண்டத்தரிப்பு.