இருபத்தேழு வரிகளில் ஒரு பிறப்பு: fork, exec என்னும் இரு அழைப்புகளின் வரலாறு

ஒரு புதிய நிரலை இயக்க யூனிக்ஸ் ஏன் இரண்டு படிகளைக் கேட்கிறது? முதலில் fork, இருக்கும் செயல்முறையை அப்படியே இரட்டிக்கிறது. பின்னர் exec, அந்த நகலின் உள்ளடக்கத்தை அழித்து வேறொரு நிரலை அதில் அமர்த்துகிறது. அழிப்பதற்காகவே ஒன்றை நகலெடுப்பது வீண் வேலை அல்லவா என்ற ஐயம், இயக்குதளப் பாடத்தை முதன்முறை படிக்கும் எவருக்கும் எழும். அதற்கான விடை கோட்பாட்டில் இருப்பதைவிட வரலாற்றில்தான் அதிகம் இருக்கிறது.

fork என்ற சொல்லை மெல்வின் கான்வே 1963இல் பல்செயலிக் கணினி பற்றிய தம் கட்டுரையில் பயன்படுத்தினார். பெர்க்லியின் ஜீனி திட்டத்தில் உருவான நேரப்பகிர்வு அமைப்பும் அக்கருத்தை ஏற்றது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் பிடிபி-7 கணினியில் எழுதிய முதல் யூனிக்ஸில் தொடக்கத்தில் fork கிடையாது. டென்னிஸ் ரிட்சி 1979இல் சிட்னியில் அளித்த கட்டுரையில் அந்த நிலையை விவரித்திருக்கிறார். ஒவ்வொரு முனையத்துக்கும் ஒரே ஒரு செயல்முறைதான் உண்டு. பயனர் ஒரு கட்டளையைத் தட்டினால், ஷெல் ஒரு சிறு ஏற்றியை நினைவகத்தின் உச்சிக்கு நகர்த்திவிட்டு அதனிடம் கட்டுப்பாட்டை ஒப்படைக்கும். அந்த ஏற்றி, கட்டளைக்குரிய நிரலை ஷெல்லின் மீதே படித்து எழுதும். கட்டளை முடிந்ததும், ஷெல்லின் புதிய படி வட்டிலிருந்து மீண்டும் ஏற்றப்படும். அதாவது, exec என்ற பெயரில் ஓர் அழைப்பு பிறக்கும் முன்பே அதன் வேலையை ஷெல் தன் கையாலேயே செய்துகொண்டிருந்தது.

எனவே இல்லாதிருந்தது இரட்டித்தல் மட்டுமே. அதற்கான கருவிகளும் பெரும்பாலும் ஆயத்தமாக இருந்தன. இரு முனையங்கள் மாறி மாறி இயங்குவதற்காக, நினைவகத்தில் உள்ள செயல்முறையை வட்டுக்கு இடமாற்றும் நிரல்பகுதி ஏற்கெனவே இருந்தது. ஓடும் செயல்முறையை வட்டில் எழுதி, நினைவகத்தில் இருப்பதையும் அழிக்காமல் விட்டு, செயல்முறை அட்டவணையில் இன்னொரு பதிவைச் சேர்த்தால் ஒன்று இரண்டாகிவிடும். பிடிபி-7இல் இதற்குத் தேவைப்பட்டது 27 வரி அசெம்பிளி நிரல் என்று ரிட்சி குறிப்பிடுகிறார். மறுபுறம், படைத்தலையும் ஏற்றுதலையும் ஒரே அழைப்பில் இணைப்பதே அன்று கடினமான வழியாக இருந்திருக்கும்.

இந்த மாற்றம் ஒரு விந்தையான பிழையையும் கொண்டுவந்தது. chdir கட்டளை திடீரென வேலை செய்யவில்லை. அடைவை மாற்றும் நிரல் இப்போது சேய்ச் செயல்முறையில் ஓடியது. அது தன் அடைவை ஒழுங்காக மாற்றிக்கொண்டு மடிந்தது. தாயான ஷெல் இருந்த இடத்திலேயே இருந்தது. பிழை நிரலில் இல்லை, அது ஓடும் இடத்தில் இருந்தது. ஆகவே chdir ஷெல்லுக்குள்ளேயே நிறைவேற்றப்படும் கட்டளையாயிற்று. இன்றும் cd தனிக் கோப்பாக அல்லாமல் ஷெல்லின் உள்ளுறுப்பாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

சில ஆயிரம் சொற்களே கொண்ட நினைவகத்தில் முழு நகல் எடுப்பது சிறு செலவுதான். நினைவகம் வளர்ந்தபோது அச்செலவும் வளர்ந்தது. 1979இல் வெளிவந்த 3பிஎஸ்டி, vfork என்ற மாற்றுவழியைத் தந்தது. அதில் நகலே எடுக்கப்படுவதில்லை. சேய் தாயின் நினைவகத்தையே கடன் வாங்கி ஓடும். அது exec செய்யும் வரையோ முடியும் வரையோ தாய் நிறுத்தி வைக்கப்படும்.

நிலையான தீர்வு, எழுதும்போது மட்டும் நகலெடுத்தல். 1970களின் தொடக்கத்திலேயே பிடிபி-10 கணினிக்கான டெனெக்ஸ் இயக்குதளம் இம்முறையைக் கையாண்டது. இன்றைய லினக்ஸில் 1 ஜிபி நினைவகம் நிரம்பிய ஒரு செயல்முறையை எடுத்துக்கொள்வோம். 4096 பைட் பக்கங்களாகப் பிரித்தால் 2,62,144 பக்கங்கள். ஒவ்வொரு பக்கமும் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணைப் பதிவு 8 பைட். fork நிகழும்போது நகலாவது இந்தப் பதிவுகளே. மொத்தம் சுமார் 2 எம்பி. பக்கங்கள் இருவருக்கும் பொதுவாகவே நிற்க, இருவரின் பதிவுகளும் ‘படிக்க மட்டும்’ என்று குறிக்கப்படும். பின்னர் ஒருவர் எழுத முயன்றால் வன்பொருள் பக்கப்பிழையை எழுப்பும். கெர்னல் அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகலெடுத்து, எழுத முயன்றவருக்குக் கொடுக்கும். சேய் உடனே exec செய்துவிட்டால் ஒருசில பக்கங்களுக்கு மேல் நகல் தேவைப்படாது.

சரி, exec எதை மாற்றுகிறது, எதை விட்டுவைக்கிறது? நிரல்பகுதி, தரவு, ஹீப், ஸ்டாக் அனைத்தும் போய்விடும். செயல்முறை எண், தாய் யார் என்பது, நடப்பு அடைவு, திறந்திருக்கும் கோப்புகள் ஆகியவை நிலைக்கும். exec வேளையில் மூடுமாறு குறிக்கப்பட்ட கோப்புகள் மட்டும் விலக்கு. `ls > list.txt` என்ற கட்டளையை ஷெல் நிறைவேற்றும் விதத்தில் இதன் பயன் புலப்படும்:

```c
if (fork() == 0) {
    int fd = open("list.txt",
                  O_WRONLY | O_CREAT | O_TRUNC, 0644);
    dup2(fd, 1);
    close(fd);
    execlp("ls", "ls", (char *)0);
    _exit(127);
}
wait(NULL);
```

fork ஒரு முறை அழைக்கப்பட்டு இரு முறை திரும்புகிறது. சேய்க்கு 0 கிடைக்கும்; தாய்க்குச் சேயின் எண் கிடைக்கும். சேய் தன் வெளியீட்டுக் குழாயான 1ஆம் எண்ணைக் கோப்பின் பக்கம் திருப்பிவிட்டுப் பிறகே உருமாறுகிறது. வெளியீட்டைத் திசைமாற்ற `ls` எதுவும் செய்ய வேண்டியதில்லை. தாயின் திரையும் தீண்டப்படவில்லை. வெற்றி பெற்ற exec திரும்பி வராது. ஆகவே `_exit(127)` என்ற வரியை எட்டினால் exec தோற்றது என்று பொருள். வீண்போலத் தோன்றிய இரு படிகளுக்கு இடையிலான அந்த இடைவெளியில்தான் யூனிக்ஸ் ஷெல்லின் ஆற்றல் குடியிருக்கிறது.

இந்தச் சேமிப்புக்கும் எல்லை உண்டு. சொற்றொகுதி ஆய்வு செய்வோர் பெரிய அகராதி ஒன்றைப் பைத்தானில் ஏற்றிவிட்டு, பல சேய்களை fork செய்வதுண்டு. எல்லாரும் படிக்கத்தானே போகிறார்கள், நினைவகம் பொதுவாகவே இருக்கும் என்று எண்ணுவோம். ஆனால் வழக்கமான பைத்தானில் ஒரு பொருளைத் தொட்டாலே அதனோடு சேர்ந்திருக்கும் மேற்கோள் எண்ணிக்கை மாறும். நமக்குப் படித்தலாகத் தெரிவது கெர்னலுக்கு எழுத்து. பக்கங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, சேய்கள் ஓட ஓட நினைவகம் கரையும். சேயின் `/proc/PID/smaps` கோப்பில் `Shared_Dirty` குறைந்து `Private_Dirty` ஏறுவதைக் கண்டால் இதுவே நிகழ்கிறது என்று அறியலாம்.

பல இழைகள் ஓடும் செயல்முறையில் சிக்கல் வேறு. சேயில் fork அழைத்த இழை மட்டுமே பிழைக்கும். மற்றோர் இழை பிடித்திருந்த பூட்டு, திறப்பார் இன்றி அப்படியே நகலாகிவிடும். இத்தகைய காரணங்களை அடுக்கி, fork ஓய்வு பெற வேண்டும் என்று 2019இல் நால்வர் எழுதிய ஆய்வுக் கட்டுரை வாதிட்டது. ஒரே அழைப்பில் படைத்து ஏற்றும் `posix_spawn` இப்போது உண்டு. அதை ஆள்வோர், அந்த இடைவெளியில் சேய் தானே செய்துகொண்ட ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே பட்டியலிட்டுத் தர வேண்டியிருக்கிறது. 27 வரிகள் நமக்கு இலவசமாகத் தந்திருந்தது எது என்பது அப்பட்டியலைப் பார்க்கும்போது விளங்கும்.