குன்னூர் ஏற்றமும் மெரினா சமதளமும்

குன்னூர்க்காரர் வீட்டு வாசலைத் தாண்டினாலே ஏற்றப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். மெரினாவில் ஓடுபவருக்கு ஏற்றம் எங்கே? மேம்பாலத்தில் ஓடு என்பார்கள். என் கணக்கில் அது பாதி பதில்தான்.

ஒரே வேகத்தில் ஓட எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்பதுதான் ஓட்டச் சிக்கனம். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் சரிவில் பத்து விநாடி முழுவேகமாக ஏறி, நடந்து இறங்கி, மூச்சு ஆறியபின் மறுபடி ஏறினால், தரையை உதைக்கும் விசை கூடுகிறது. கெண்டைக்காலும் குதிகால் நாணும் விறைப்பேறி, நல்ல வில்லாக வேலை செய்யத் தொடங்குகின்றன; சிக்கனம் கூடுகிறது. அதே சரிவில் ஒரு நிமிடம் ஏறினால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை. ஒரே மலை இரண்டையும் தருகிறது. சமதள நகரத்தில் இவற்றைப் பிரித்துத்தான் தேட வேண்டும்.

மேம்பாலம் பெரும்பாலும் நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர் அளவில்தான் உயரும். பத்து விநாடியில் ஐம்பது மீட்டர் ஓடுபவர் அங்கே ஏறுவது ஒன்றரை மீட்டர். குன்னூர்ச் சரிவில் ஐந்து. படிக்கட்டும் ஈடாகாது, படியின் அளவே காலடியைத் தீர்மானித்துவிடுகிறது.

ஒரு நிமிட ஏற்றத்துக்கு ட்ரெட்மில் நல்ல மாற்று. 10 கி.மீ. தூரத்தை 55 நிமிடத்தில் ஓடுபவரின் வேகம் மணிக்கு சுமார் 11 கி.மீ. சாய்வை 10 சதவீதம் வைத்தால் ஏறத்தாழ 7.5 கி.மீ. வேகத்திலேயே அதே உழைப்பு வந்துவிடும். அதைவிடச் சற்றுக் கூட்டி ஒரு நிமிடம், பிறகு சாய்வை இறக்கி இரண்டு நிமிட நடை. ஆறு முறை போதும். கைப்பிடியைப் பிடிக்கத் தோன்றினால் வேகம் அதிகம் என்று பொருள். பிடித்துக்கொண்டு ஓடினால் உடல் எடையில் ஒரு பங்கு கைக்குப் போய்விடும், ஏற்றமே பொய்யாகிவிடும்.

பத்து விநாடிப் பாய்ச்சலுக்கு ட்ரெட்மில் உதவாது. பட்டை வேகம் எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். அந்த இடத்தைக் குதிப்புகள் நிரப்பும். 1999-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஓட்டப் பயிற்சியின் ஒரு பகுதிக்குப் பதிலாக ஒன்பது வாரம் குதிப்பும் குறுவேக ஓட்டமும் செய்தவர்களின் 5 கி.மீ. நேரம் குறைந்தது. உச்ச ஆக்சிஜன் திறன் கூடாமலே சிக்கனம் கூடியிருந்தது.

முழங்காலை அதிகம் மடக்காமல், முன்பாதத்தில் பத்துப் பத்தாக ஆறு முறை, வாரம் இரண்டு நாள் குதியுங்கள். கால் படும் ஓசை ‘டப்’பென்று சுருக்கமாக இருக்க வேண்டும். ஓசை இழுபட்டால், குதிகால் தரையில் படிந்தால், அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலுக்குப் பின்னால் வலித்தால் குதிப்பைக் குறையுங்கள்.

மலைக்காரருக்கு இன்னொரு லாபம் உண்டு. வேகமாக இறங்கி இறங்கித் தொடைகள் உரம் பெறுகின்றன. மலை ஊரில் போட்டி ஓடப் போகும் சென்னைக்காரருக்கு இதற்காகத்தான் மேம்பாலம் தேவை. ஏறுவதைவிட அங்கே இறங்குவதே பயன்.

பலன் தெரிய எட்டு வாரம் விடுங்கள். முதல் நாளும் கடைசி நாளும் ஒரே அறையில், ஒரே ட்ரெட்மில்லில், ஒரே வேகத்தில் பத்து நிமிடம் ஓடி இதயத்துடிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் அளக்காதீர்கள்; புழுக்கம் கூடினால் துடிப்பும் கூடிவிடும்.