காதுக் குறும்பி

காதுக் குறும்பி என்பது வெளிக்காதுக் குழாயின் சுரப்பிகள் கசியும் மெழுகும் உதிர்ந்த தோல் செதில்களும் சேர்ந்த படிவு. தூசியையும் நீரையும் தடுத்து, தாடை அசைய அசையத் தானே வெளியேறுவதால், அடைப்பில்லாத காதைச் சுத்தம் செய்யத் தேவையில்லை. தஞ்சை வட்டாரத்தில் காவிரியிலோ வாய்க்காலிலோ முங்கிக் குளித்தபின் காது திடீரென அடைத்துக்கொள்வது பெரும்பாலும் நீரில் ஊறி உப்பிய பழைய குறும்பியால்தான். அப்போது கொண்டை ஊசியோ பஞ்சுக் குச்சியோ விட்டுக் குடைந்தால் அது செவிப்பறைப் பக்கம் நகர்ந்து இறுகும்.

வீட்டில் செய்யத்தக்கது இளக்குதல் மட்டுமே. ஒருக்களித்துப் படுத்து, உடல் சூட்டை மீறாத நல்லெண்ணெய் 2 அல்லது 3 சொட்டு விட்டு, 5 நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். நாளுக்கு 2 முறை, 3 முதல் 5 நாள். காய்ச்சிய எண்ணெய் குழாயைச் சுட்டுவிடும். மருந்துக்கடைச் சொட்டே சிறந்தது என்பர். ஆனால் ஒப்பிட்ட ஆய்வுகளில் எந்தச் சொட்டும் வெறும் உப்புநீரைவிடத் தெளிவாக மேம்பட்டதாகத் தெரியவில்லை. நீரே போதுமெனில் சிரிஞ்சால் பீச்சலாமே எனில், ஊறவைப்பது வேறு, அழுத்துவது வேறு. செவிப்பறையில் ஓட்டையிருந்தால் பீச்சும் நீர் கிருமியை நடுக்காதுக்குள் தள்ளும்; அந்த ஓட்டையை வீட்டில் பார்த்தறிய வழியில்லை. எனவே வீட்டில் எந்தக் காதிலும், குறிப்பாக முன்பு சீழ் வடிந்த காது, அறுவை செய்த காது, வலிக்கும் காது, கேட்கும் ஒரே காது ஆகியவற்றில் பீச்சக் கூடாது. ஓட்டை இருக்கலாம் எனில் எண்ணெயும் ஆகாது. நீரிழிவுக்காரருக்குச் சிறு கீறலும் கடும் தொற்றாகலாம். இத்தகையோருக்கெல்லாம் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் மருத்துவர் கண்ணால் பார்த்து, உறிஞ்சுகுழாயால் எடுப்பதே முறை. 5 நாளில் அடைப்பு விலகாவிட்டாலும் அங்கேயே காட்ட வேண்டும். தலைசுற்றலோடு கேட்கும் திறன் சட்டென்று போனால் சொட்டு விட்டுக் காத்திராமல் அன்றே காட்ட வேண்டும்.