சூயஸ் கால்வாய் மூடல் (1967–1975)

செங்கடலையும் மத்திய தரைக்கடலையும் இணைக்கும் சூயஸ் கால்வாய் 1869ஆம் ஆண்டு நவம்பர் 17 அன்று திறக்கப்பட்டது. மும்பையிலிருந்து லண்டன் செல்லும் கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றினால் சுமார் 19,800 கிலோமீட்டர் பயணிக்க வேண்டும். கால்வாய் வழியே சென்றால் சுமார் 11,500 கிலோமீட்டர் போதும். இந்தக் குறுக்கு வழி 1967இல் எட்டு ஆண்டுகளுக்கு அடைபட்டது.

மூடப்பட்ட சூழல்

1967 ஜூன் 5 அன்று அரபு நாடுகளுக்கும் இசுரேலுக்கும் இடையே ஆறு நாள் போர் தொடங்கியது. மறுநாள் எகிப்து கால்வாயை மூடியது. போரின் முடிவில் சினாய் தீபகற்பம் இசுரேல் வசமானதால், கால்வாயின் கிழக்குக் கரையில் இசுரேலியப் படையும் மேற்குக் கரையில் எகிப்தியப் படையும் நின்றன. கால்வாயே போர்முனை ஆயிற்று.

அப்போது கால்வாயைக் கடந்துகொண்டிருந்த 15 கப்பல்கள் சிக்கிக்கொண்டன. அவற்றுள் 14 கிரேட் பிட்டர் ஏரியிலும், ஒன்று திம்சா ஏரியிலும் நின்றன. பாலைவன மணல் படிந்த தோற்றத்தால் இவை 'மஞ்சள் கப்பல் அணி' எனப்பட்டன.

கப்பல்கள் பெருத்தன

வளைகுடா எண்ணெயை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்ற வேண்டியதாயிற்று. மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கப்பலுக்கு 8,300 கிலோமீட்டர் கூடுதல் தொலைவு என்பது ஒரு வழிக்குப் பன்னிரண்டு நாட்கள். அந்தச் செலவை ஈடுகட்டப் பெரிய கப்பல்களே ஏற்றவையாக இருந்தன. கப்பலின் கொள்ளளவு இரட்டிப்பானாலும் மாலுமிகளின் எண்ணிக்கையோ எரிபொருளோ இரட்டிப்பாவதில்லை. எனவே ஒரு டன் எண்ணெயை ஏற்றிச்செல்லும் செலவு குறைகிறது.

மூடலுக்கு முன்னரே சப்பான் இரண்டு லட்சம் டன்னைத் தாண்டிய எண்ணெய்க் கப்பலைக் கட்டியிருந்தது. மூடல் அந்தப் போக்கை விரைவுபடுத்தியது. 1968இல் மூன்று லட்சம் டன்னைத் தாண்டிய 'யுனிவர்ஸ் அயர்லாந்து' கடலுக்கு வந்தது.

மீண்டும் திறப்பு

1974இல் படைகள் விலகிய பின், கண்ணிவெடிகளும் மூழ்கிய கப்பல்களும் அகற்றப்பட்டன. 1975 ஜூன் 5 அன்று கால்வாய் திறக்கப்பட்டது. ஆனால் அதன் ஆழம் பழையபடியே இருந்தது. சரக்குடன் சுமார் 60,000 டன் கப்பல்களே செல்ல முடிந்தன. பெரும் எண்ணெய்க் கப்பல்கள் நிறைசுமையுடன் நுழைய இயலவில்லை. அவை முனையைச் சுற்றியே சென்றன.

எகிப்து இதற்கு இரு வழிகளைக் கண்டது. செங்கடல் கரையிலிருந்து மத்திய தரைக்கடல் கரைக்கு எண்ணெயைக் கொண்டுசெல்லும் 'சுமெட்' குழாய் வழி 1977இல் இயங்கத் தொடங்கியது. கால்வாயை ஆழப்படுத்தும் பணி 1980இல் முடிந்தது. கால்வாயின் அளவுக்கேற்பக் கப்பல் கட்டிய காலம் போய், கப்பலின் அளவுக்கேற்பக் கால்வாயை வெட்டும் நிலை உருவானது.