ஆய்வகக் குறிப்பை அறிவியல் நடைக்கு மாற்றுதல்

சோதனை நடக்கும்போதே எழுதப்படும் பேச்சுநடைக் குறிப்பை, செய்தவரை முன்னிறுத்தாத அறிவியல் உரைநடையாக மாற்றுவது ஆய்வறிக்கை எழுதுவதில் ஒரு படி. தமிழில் இது தடுமாறுவதற்கு முக்கியக் காரணம், 'நான்' போனதும் அந்த இடத்தில் 'பட்டது' வந்து உட்கார்ந்துவிடுவதுதான்.

முந்திரிக்குப் பேர்போன பண்ருட்டியில் பருப்பின் ஈரப்பதம் வணிகத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. ஏற்றுமதித் தரத்தில் அதன் உச்சவரம்பு 5 சதவீதம். அந்தச் சோதனையைச் செய்யும் மாணவரின் நோட்டில் இப்படி இருப்பதாகக் கொள்ளலாம்: "பொடிச்ச பருப்பு 10.00 கிராம் எடுத்தேன். ஓவன்ல 105 டிகிரில மூணு மணி நேரம் வச்சேன். கொஞ்சம் ஆறுனதும் எடை போட்டேன், 9.52 வந்துச்சு. நல்லா காஞ்சிருச்சு."

இதைப் பலரும் மாற்றும் விதம்: "பருப்பு எடுக்கப்பட்டு, ஓவனில் வைக்கப்பட்டு, ஆறவிடப்பட்டு, எடை பார்க்கப்பட்டது." 'நான்' மறைந்தது, வாக்கியமும் நடக்க முடியாமல் நிற்கிறது.

செய்தவரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடிக்கத் தமிழில் இயல்பான வழி உண்டு: "பொடித்த பருப்பு 10.00 கிராமை ஓவனில் 105 பாகை செல்சியசில் 3 மணி நேரம் உலர்த்தி எடைபோட்டதில் 9.52 கிராம் இருந்தது. எடையிழப்பு 0.48 கிராம், அதாவது 4.8 சதவீதம்." செயல்கள் எச்சங்களாகத் தொடர்கின்றன, முற்றுவினை முடிவைச் சொல்கிறது. தானாக நிகழ்வதற்குத் தன்வினையே போதும். நிறம் 'மாறியது', 'மாற்றப்பட்டது' அல்ல.

ஒரு பிழையை மட்டும் கவனிக்க வேண்டும். "உலர்த்தி, எடை குறைந்தது" என்றால் உலர்த்தியது எடை என்றாகிவிடும். "உலர்த்தியபோது எடை குறைந்தது" என்று எழுதினால் சரியாகும்.

மேலே உள்ள மாற்றத்தில் இரண்டு சொற்றொடர்கள் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன. இந்த வேலையின் கடினமான பகுதி அங்கேதான் இருக்கிறது. "கொஞ்சம் ஆறுனதும்" என்பதை "30 நிமிடம் ஆறவைத்து" என்று மெருகேற்றினால் அது நடக்காததை எழுதுவது. சூடு முழுவதும் தணியாத கலம் சுற்றியுள்ள காற்றை மேலெழச் செய்வதால், தராசு எடையைக் குறைத்துக் காட்டும். ஈரப்பதம் கூடுதலாகத் தெரியும். 4.8 சதவீதம் வரம்பை ஒட்டியே இருப்பதால் அந்த வேறுபாடு சிறியதல்ல. எனவே "ஆறிய நேரம் பதிவாகவில்லை" என்று எழுதுவதே சரி. டெசிகேட்டரில் அறை வெப்பநிலைக்கு ஆறவைத்து மறுபடி எடைபோடுவது அதைவிடச் சரி.

"நல்லா காஞ்சிருச்சு" என்பது பார்த்தது அல்ல, முடிவுகட்டியது. இன்னும் ஒரு மணி நேரம் உலர்த்தி, ஆறவைத்து, எடை மாறாமல் இருந்தால் "நிலையான எடை கிடைத்தது" என்று எழுதலாம்.

'நாங்கள்' என்ற சொல் அறிவியலுக்கு விலக்கானதும் அல்ல. டி.என்.ஏ. அமைப்பை அறிவித்த வாட்சன், கிரிக் கட்டுரை (1953) தன்மைப் பன்மையில்தான் தொடங்குகிறது. ஓர் அளவீட்டைக் கணக்கிலிருந்து நீக்குவது போன்ற முடிவுகளில், யார் முடிவெடுத்தார் என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும். அங்கே "மூன்றாவது அளவீட்டை விலக்கினோம், கலம் சாய்ந்து பொடி சிந்தியிருந்தது" என்பது "விலக்கப்பட்டது" என்பதைவிடத் தெளிவு.