ஊருக்குப் போகுமுன் பிளக் பொயின்ற்றைப் படத்தில் அடையாளம் காண்பது

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் குடும்பங்கள் புறப்படுவதற்கு இரண்டு நாளைக்கு முன்புதான் "அங்கே என்ன பிளக்?" என்று கேட்பார்கள். கடைக்காரர் "இலங்கைக்கு இது" என்று ஒரு அடப்ரரை எடுத்துக் கொடுப்பார். இந்தக் கேள்விக்கு நாட்டின் பெயரை வைத்துப் பதில் சொல்ல முடியாது. இலங்கையில் ஒரே வீட்டுக்குள் மூன்று வகைப் பொயின்ற்கள் இருக்கும். முன் விறாந்தையில் ஒன்று, பழைய படுக்கையறையில் இன்னொன்று, குசினியில் வேறொன்று. எனவே நீங்கள் தங்கப்போகும் வீட்டிலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்வதுதான் சரியான வழி. அந்தப் படத்தை எப்படி வாசிப்பது என்பதையே இங்கே எழுதுகிறோம்.

அந்த மூன்றில் மிக எளிதாக அடையாளம் காணக்கூடியது சதுரமுனை என்று ஊரில் சொல்லப்படும் 13 அம்பியர் பொயின்ற். பிரித்தானியாவில் இருப்பதும் இதுவே. மேலே நிமிர்ந்து நிற்கும் நீள்சதுரத் துளை ஒன்று, கீழே படுத்துக் கிடக்கும் நீள்சதுரத் துளைகள் இரண்டு. பட்டியல்களில் இதற்கு ஜி வகை என்று பெயர். இனிமேல் இதுவே நாட்டின் தரம் என்று இலங்கையில் முடிவு செய்திருக்கிறார்கள். ஆகவே புதிதாகக் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். மங்கலான படத்திலும் இதை வேறொன்றாக நினைக்க முடியாது.

சிக்கல் மற்ற இரண்டிலும்தான். இரண்டிலும் மூன்று வட்டத் துளைகள் முக்கோணமாக இருக்கும். மேலே உள்ள எர்த் துளை மற்ற இரண்டையும் விடப் பெரியது. ஒன்று 5 அம்பியர், அதாவது டி வகை. மற்றது 15 அம்பியர், எம் வகை. முகப்பு ஏறக்குறைய ஒன்றுதான், அளவுதான் வேறு. தனியே எடுத்த படத்தில் அளவு தெரியாது. அதனால்தான் படம் கையில் இருந்தும் பலர் பிழையான அடப்ரரோடு போய் இறங்குகிறார்கள்.

அளவைப் படத்துக்குள் கொண்டுவர ஒரு வங்கி அட்டை போதும். உலகத்தில் எந்த வங்கியின் அட்டையானாலும் நீளம் 85.6 மில்லிமீற்றர், அகலம் 54 மில்லிமீற்றர். அதைப் பொயின்ற்றுக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டப் பிடித்து, நேர் எதிரே நின்று படம் எடுக்கச் சொல்லுங்கள். இலக்கங்கள் சுவர்ப் பக்கம் இருக்கட்டும். பின்பக்கத்திலும் இலக்கம் இருந்தால் ஒரு கடதாசியால் மூடச் சொல்லுங்கள். சுவரிலிருந்து விலக்கி முன்னால் பிடித்தால் அட்டை பெரிதாகத் தெரிந்து கணக்குப் பிழைக்கும். சரிவாக நின்று எடுத்தாலும் அப்படித்தான்.

படம் வந்ததும் கணினித் திரையில் பெரிதாக்கி, சாதாரண அடிமட்டத்தால் இரண்டை அளந்தால் போதும். ஒன்று அட்டையின் அகலம். மற்றது கீழே உள்ள இரண்டு துளைகளின் நடுவுக்கு நடு தூரம். 5 அம்பியர் பொயின்ற்றில் இந்தத் தூரம் 19 மில்லிமீற்றர், 15 அம்பியரில் 25.4 மில்லிமீற்றர். அட்டையின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்றால் 5 அம்பியர். ஏறக்குறையப் பாதி என்றால் 15 அம்பியர். எவ்வளவு பெரிதாக்கினாலும் விகிதம் மாறாது. கணக்குப் புத்தகத்தோடு காலம் தள்ளிய எங்களுக்கு இந்த வழி பிடித்ததற்கு அதுவே காரணம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஜேர்மனியிலிருந்து யாழ்ப்பாணம் போக ஆயத்தப்பட்டது. தகப்பனாருக்கு நித்திரையில் மூச்சு தடைப்படும் வருத்தம். இரவில் முகமூடியோடு காற்று தரும் மெசின் இல்லாமல் படுக்க முடியாது. அடப்ரர் பொருந்தாவிட்டால் அன்றிரவே பிரச்சினை. மாமி வீட்டிலிருந்து மூன்று படங்கள் வந்தன. படுக்கையறைப் படத்தைத் திரையில் அளந்தபோது அட்டையின் அகலம் 108 மில்லிமீற்றர், துளைகளுக்கு இடையே 38. அதாவது 108இல் 38 என்றால் 54இல் 19. ஆகவே 5 அம்பியர். குசினிப் படத்தில் அட்டை அதே 108, துளைகளுக்கு இடையே 51. அது 25.5 ஆகிறது, ஆகவே 15 அம்பியர். மூன்றாவது படம் பின்னர் கட்டிய முன்னறை. சதுரமுனை, அளக்கவே தேவையில்லை.

அடுத்து மெசினின் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அதற்கும் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். முதலில் பவர் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சிட்டை. அதில் உள்ளீட்டு வோல்ற் 100-240 என்றும் 50/60 ஹேர்ட்ஸ் என்றும் இருந்தது. எந்த நாட்டு மின்சாரத்திலும் அது வேலை செய்யும் என்பது அதன் பொருள். பெட்டி 90 வோற். 230 வோல்ற்றில் அது அரை அம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும். ஆகவே 5 அம்பியர் பொயின்ற்றும் தாராளம். இனி வடிவமும் எர்த்தும் மட்டுமே கேள்வி.

வடிவத்துக்குப் பலர் யோசிக்காத ஒரு வழி உண்டு. பவர் பெட்டியில் வயர் ஒட்டியே வரவில்லை, கழற்றிப் பூட்டக் கூடியது. அப்படியானால் அடப்ரர் எதற்கு? வயரை மாற்றினால் போதும். பெட்டிப் பக்கம் போகும் முனை உலகம் முழுவதும் ஒன்றுதான், சுவர்ப் பக்கம் போகும் பிளக்தான் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அந்த முனையைப் படத்தில் பார்த்தே அறியலாம். எட்டு என்ற இலக்கம் படுத்துக் கிடப்பதுபோல் இருந்தால் சி7. அதில் எர்த் இல்லை. மூன்று வட்டங்கள் ஒட்டி, மிக்கி எலியின் முகம்போல் இருந்தால் சி5. லப்ரொப் பெட்டிகளில் அதிகம் காண்பது இதுதான். மேசைக் கணினியின் பின்னால் போகும் பெரிய முனை சி13. ஏறக்குறைய அதே உருவில், விளிம்பில் ஒரு வெட்டு இருந்தால் அது சி15. கேத்தல் போன்று சூடாகும் பொருட்களுக்கு உரியது. வெட்டில்லாத வயர் அந்தப் பொருட்களுக்குள் போகாது. தள்ளிப் பூட்டப் பார்க்கவும் கூடாது.

அந்த மெசினின் பெட்டியில் இருந்தது சி5. பிரித்தானியப் பிளக் உள்ள சி5 வயர் ஒன்றை ஜேர்மனியிலேயே வாங்கினார்கள். அந்தப் பிளக்கின் அடிப்பகுதியில் பியூஸின் அளவு அச்சிட்டிருக்கும். இப்படியான வயருக்கு 3 அல்லது 5 அம்பியர் என்று இருக்க வேண்டும். படுக்கையறைக் கட்டிலை விட்டுவிட்டு ஐயாவுக்கு முன்னறையில் பாய் போடுவது என்று மாமியோடு பேசி முடித்தார்கள். அடப்ரரே இல்லாமல், எர்த்தும் சரியாக, முதல் இரவிலிருந்தே மெசின் ஓடியது.

ஏன் படுக்கையறையிலேயே எப்படியாவது பூட்டக் கூடாது என்று கேட்டார்கள். ஜேர்மன் பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ள தூரமும் 19 மில்லிமீற்றர்தான். அதனால் பல இடங்களில் அது 5 அம்பியர் வட்டத் துளைக்குள் போய்விடும், கறண்டும் வரும். ஆனால் அந்தப் பிளக்கின் எர்த் பக்கவாட்டில் தகடாக இருக்கிறது, சுவரின் எர்த் மேல் துளைக்குள் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. உலோக உடம்புள்ள பொருளில் உள்ளே வயர் பழுதாகி உடம்பைத் தொட்டால், அதைத் தொடும் கை வழியாகத்தான் கறண்ட் இறங்கும். கைத்தொலைபேசிச் சார்ஜரின் மெல்லிய இரட்டைமுனைப் பிளக்குக்கு எர்த் தேவையில்லை. ஆனால் அதன் முனை 4 மில்லிமீற்றர், துளை 5 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். தளர்ந்து நிற்கும். கையால் ஆட்டினால் பொறி தெறித்தால் கழற்றிவிட வேண்டும்.

சதுரமுனைப் பொயின்ற்றில் இன்னொரு பழக்கம் உண்டு. மேல் துளைக்குள் பேனாவோ ஈர்க்கோ குத்தி, கீழ்த் துளைகளை மூடியிருக்கும் கதவைத் திறந்து, இரட்டைமுனைப் பிளக்கைத் தள்ளுவது. அந்தக் கதவு பிள்ளைகளின் கையைக் காக்க வைத்தது. எர்த் முனை உள்ளே போனால்தான் திறக்கும்படி அமைத்தது. விருந்துக்குப் போன வீட்டில் இதைச் செய்து காட்டினால் அடுத்த நாள் அந்த வீட்டுச் சின்னவனும் செய்வான். சிறிய அடப்ரர் ஒன்றோடு தீரும் விசயம் இது.

கடையிலோ இணையத்திலோ அடப்ரரின் படத்தைப் பார்த்து வாங்கும்போது, நம் பிளக் போகும் பக்கத்தைக் கவனியுங்கள். ஜேர்மன் பிளக்குக்கானது என்றால் குழியின் மேலும் கீழும் இரண்டு உலோகத் தகடுகள் தெரிய வேண்டும். வெறும் பிளாஸ்ரிக் குழியும் இரண்டு துளைகளும் மட்டும் என்றால் எர்த் இல்லை. சுவர்ப் பக்கத்தில் பெரிய மேல் முனை பிளாஸ்ரிக்காக இருந்தால், அது கதவைத் திறக்க மட்டுமே. எல்லா நாட்டுக்கும் ஒன்று என்று விற்கும் பெட்டிகளில் பல இப்படித்தான். சார்ஜருக்குப் போதும், ஸ்திரிக்கைப் பெட்டிக்கும் சோறாக்கும் மெசினுக்கும் வேண்டாம். ஊரிலிருந்து வரும் படத்தில் வட்டமும் சதுரமும் கலந்து எதுவும் போகக்கூடிய துளைகள் உள்ள பலவகைப் பொயின்ற் தெரிந்தாலும் இதே எச்சரிக்கைதான். முனைகளை அது இறுகப் பிடிக்காது. ஜேர்மன் பிளக்குக்கு எர்த்தும் கொடுக்காது.

கனடாவிலிருந்து போவோருக்கு வடிவத்தை விட வோல்ற்தான் முக்கியம். அங்கே 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இலங்கையில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அடப்ரர் துளையை மாற்றுமே தவிர வோல்ற்றை மாற்றாது. ஆஸ்த்மாக்காரருக்கு மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் மெசினை ரொறொன்ரோவில் வாங்கி அம்மாவுக்கு அனுப்புகிறார்கள். அதன் சிட்டையில் 120 என்று மட்டும் இருந்தால், ஊரில் பூட்டியவுடன் எரிந்துபோகலாம். அனுப்புவதற்கு முன் சிட்டையைப் படம் எடுத்துப் பாருங்கள். 100-240 இல்லையென்றால் அந்தப் பணத்தை அனுப்பி, கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கச் சொல்லுங்கள்.

ஐரோப்பாவுக்குள் போய்வருவோருக்குச் சுருக்கமாக: பிரான்ஸ் பொயின்ற்றில் குழியிலிருந்து ஓர் உலோக முனை வெளியே நிற்கும். இப்போது வரும் ஜேர்மன் பிளக்குகளில் அதற்குத் துளை உண்டு, இரண்டு நாட்டிலும் சரிவரும். சுவிஸில் மூன்று சிறு வட்டத் துளைகள். நடுத் துளை மற்ற இரண்டின் கோட்டிலிருந்து சற்று விலகி நிற்கும். குழி அறுகோணம்போல் இருக்கும். கைத்தொலைபேசிச் சார்ஜரின் மெல்லிய பிளக் அதற்குள் போகும், தடித்த ஜேர்மன் பிளக் போகாது. சூரிச்சில் கலியாண வீட்டுக்குப் போகிறவர்கள் தலைமயிர் உலர்த்தியை வீட்டில் வைத்துவிட்டு, உறவினர் வீட்டில் ஒன்றைக் கேட்டு வாங்குவது லேசு.