சக்கர நாற்காலிச் சாய்தளம்: நீளத்தை நிர்ணயிக்கும் முறை

தரைக்கும் வாசற்படிக்கும் இடையே உள்ள உயரத்தைப் படிகளின்றிக் கடப்பதற்காக, சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர் தாமே கைகளால் சக்கரத்தை உந்தியோ பிறர் தள்ளியோ ஏறத்தக்க அளவு மெல்லச் சரிந்து செல்லும் தளமே சாய்தளம் எனப்படும். பேச்சு வழக்கில் இதனை ராம்ப் என்பர். ஏறவேண்டிய உயரமும் அநுமதிக்கப்பட்ட சரிவும் தெரிந்துவிட்டால் அதன் நீளம் ஒரே வகுத்தலில் கிடைத்துவிடும். ஆயினும் நடைமுறையில் சாய்தளங்கள் பிழைபடுவது அந்த வகுத்தலில் அன்று. வகுக்கப்படும் உயரத்தை எந்த இடத்தில் நின்று அளந்தார்கள் என்பதிலேயே பெரும்பாலும் பிழை புகுகிறது. மேடும் பள்ளமுமாகக் கருங்கல் பாறைகளின் மீது பரந்து கிடக்கும் ஹைதராபாத் போன்ற நகரத்தில் இது சாதாரணமாகக் காணக்கூடிய விஷயம்.

சரிவைக் குறிக்க மூன்று வழக்கங்கள் உள்ளன. பன்னிரண்டு பங்கு கிடைநீளத்துக்கு ஒரு பங்கு ஏற்றம் என்னும் பொருளில் 1:12 என்று விகிதமாகச் சொல்வது ஒன்று, அதையே 8.33 சதவீதம் என்பது மற்றொன்று. தரையோடு சாய்தளம் அமைக்கும் கோணமாக ஏறக்குறைய 4.76 டிகிரி என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே சரிவே. கோணத்தைக் கொண்டு கணக்கிட விரும்புவோர் உயரத்தை அக்கோணத்தின் டான்ஜெண்டால் வகுத்தால் தரையில் பிடிக்கும் கிடைநீளமும், சைனால் வகுத்தால் கர்ணமாகிய சாய்வுநீளமும் கிடைக்கும். 1:12 சரிவில் 600 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கிடைநீளம் 7.2 மீட்டர், சாய்வுநீளம் அதைவிட 25 மில்லிமீட்டர் மட்டுமே அதிகம். ஆகவே இவ்விரண்டுக்கும் உள்ள பேதத்தைக் கொத்தனார் பொருட்படுத்த வேண்டுவதில்லை. பொருட்படுத்த வேண்டியது வேறொன்று: வரைபடத்தில் வெறுமனே 8.33 என்று எழுதியிருப்பதைச் சதவீதம் என்று கொள்ளாமல் டிகிரி என்று கொண்டுவிட்டால் சரிவு ஏறத்தாழ 1:7 ஆகிவிடும். நாற்காலியும் ஆளுமாகச் சேர்ந்து நூறு கிலோ எடை என்று வைத்துக்கொண்டால், முறையான சரிவில் எட்டுக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட விசையால் ஏறுபவர், இந்தப் பிழையான சரிவில் பதினான்கு கிலோவுக்கு மேல் உந்தவேண்டியிருக்கும். சக்கரத்தின் உராய்வு இதில் சேரவில்லை. 4.76 என்பதை வசதிக்காக 5 டிகிரி என்று முழுமையாக்குவதுகூட விதியை மீறுவதே, ஏனெனில் 5 டிகிரி என்பது 1:11.4 சரிவு.

இந்தியாவில் இதற்கான பிரமாணம் மத்திய நகர்ப்புற அமைச்சகம் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட தடையற்ற கட்டுமானச் சூழலுக்கான வழிகாட்டு நெறிகளில் காணப்படுகிறது. 2021இல் அது புதுக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டுப் பதிப்பின் அட்டவணை, எல்லா உயரத்துக்கும் ஒரே சரிவை விதிக்காமல், உயரம் கூடக்கூடச் சரிவைத் தணித்துக்கொண்டே போகிறது. 750 மில்லிமீட்டர் வரை 1:12 போதும். அதற்கு மேல் 3 மீட்டர் வரை 1:15. அதையும் கடந்தால் 1:20. நீண்ட ஏற்றத்தில் கைகள் சோர்ந்துவிடும் என்பதே இதன் காரணம். இதே காரணத்தால் இடையிடையே சமதளமான இளைப்பாறும் தளங்களும் வேண்டும்: 300 மில்லிமீட்டருக்கு மேல் 750 வரை ஏறும் சாய்தளத்தில் ஐந்து மீட்டருக்கு ஒன்றும், அதைவிட உயரமானதில் ஒன்பது மீட்டருக்கு ஒன்றும் அமையவேண்டும். நாற்காலி திரும்புவதற்கு அத்தளம் 1.5 மீட்டர் நீளமேனும் இருத்தல் நலம்.

இவை நெறிகளா, கட்டாய விதிகளா என்னும் வழக்கில் ஹைதராபாத்துக்கு ஒரு பங்குண்டு. நகரின் வடக்கே ஷாமீர்பேட்டையில் உள்ள நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் ஆய்வு மையம், உச்ச நீதிமன்றத்தின் பணிப்பின்பேரில் நாட்டில் அணுகல் வசதியின் நிலைமையைக் குறித்து ஓர் அறிக்கை தயாரித்து அளித்தது. ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில் நீதிமன்றம் அவ்வறிக்கையை விரிவாக எடுத்துக்கொண்டு, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கட்டாயத் தரங்களை எதிர்பார்த்திருக்க, அச்சட்டத்தின் கீழ் எழுந்த 15(1)ஆம் விதி வெறும் பரிந்துரைகளோடு நின்றுவிட்டது எனக் கூறி அதைச் செல்லாததாக்கியது. கட்டாயமானவற்றைப் பிரித்தெடுத்து விதிகளாக்கும்படி மத்திய அரசைப் பணித்தது.

இனி உயரத்தைப் பற்றிய விசாரம். ஹைதராபாத்தில் வீட்டின் அடிப்பீடத்தைத் தாராளமாக உயர்த்திக் கட்டும் வழக்கத்துக்குக் காரணமில்லாமல் இல்லை. 1908இல் மூசி நதி பெருகி நகரை அழித்ததும், 2020 அக்டோபரில் பெய்த மழையில் தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கியதும் அறிந்தவர், வாசலைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்தாமல் விடமாட்டார். அந்த இரண்டடியை, அதாவது ஏறக்குறைய 600 மில்லிமீட்டரை, வாசற்படிக்கு நேர் கீழே டேப்பை வைத்து அளந்து, பன்னிரண்டால் பெருக்கி, 7.2 மீட்டர் என்று நீளம் சொல்லிவிடுவது மேஸ்திரிகளின் வழக்கம். சமதரையாயின் இது சரியே. ஆனால் சாய்தளத்தின் கால் ஊன்றப்போவது வாசலடியில் அன்று. பல மீட்டர் தள்ளி. தரை வீட்டிலிருந்து தெருவை நோக்கிச் சரிந்திருந்தால் அந்தத் தூரத்துக்குள் தரை மேலும் தாழ்ந்திருக்கும்.

ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்க்கலாம். முப்பதடி அகலமும் அறுபதடி ஆழமும் உள்ள இருநூறு சதுர கஜ மனை; தரை வாசலிலிருந்து தெரு நோக்கி 50க்கு 1 என்ற விகிதத்தில், மழைநீர் ஓடிவிடும் அளவுக்கு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சரிகிறது. வாசலின் முன் 1.5 மீட்டர் சமதளம், பிறகு 7.2 மீட்டர் சரிவு, ஐந்து மீட்டர் விதிக்காக நடுவில் இன்னொரு 1.5 மீட்டர் தளம் என்று நேராகத் தெருப்பக்கம் இறக்கினால், சுவரிலிருந்து 10.2 மீட்டர் தொலைவில் சாய்தளம் முடியும். அங்கே தரை 204 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பதால் அதன் நுனி ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில் அந்தரத்தில் நிற்கும். அந்தச் சாணுக்காக இன்னும் 2.45 மீட்டர் நீட்டினால், நீட்டிய தூரத்தில் தரை மேலும் 49 மில்லிமீட்டர் இறங்கிவிடுகிறது. அதற்காக நீட்டினால் இன்னும் கொஞ்சம். தன் நிழலைத் தானே துரத்துவது போன்ற காரியம் இது. இதற்கு முடிவு காண, உயரத்தை 1/12 ஆல் வகுக்காமல், சாய்தளத்தின் சரிவிலிருந்து தரையின் சரிவைக் கழித்து வரும் மீதியால் வகுக்கவேண்டும்:

நீளம் = உயரம் ÷ (1/12 − 1/50)

இங்கே உயரம் என்பது வாசலின் 600 மில்லிமீட்டரோடு, இரு சமதளங்களின் அடியில் தரை தாழும் 60ஐயும் சேர்த்து 660. அதன்படி சரிவின் நீளம் 10.42 மீட்டர், உண்மையில் ஏறும் உயரம் 868 மில்லிமீட்டர். அந்தோ, இது 750ஐத் தாண்டிவிட்டது! ஆகையால் 1:12 இனிச் செல்லாது; 1:15 வேண்டும். மீண்டும் கணக்கிட்டால் சரிவு மட்டும் 14.14 மீட்டர். சமதளங்களையும், அடியில் நாற்காலி திரும்பும் இடத்தையும் கூட்டினால் 18.6 மீட்டர். மனையின் ஆழமோ 18.3 மீட்டர்தான். வீடு கட்ட இடமின்றிச் சாய்தளத்துக்கே மனை போதவில்லை என்ற விந்தையான நிலைக்கு வந்துவிட்டோம்.

பரிகாரம் சரிவைச் செங்குத்தாக்குவது அன்று, திசையை மாற்றுவதே. தரை எந்தத் திசையில் சரியாமல் சமமாக ஓடுகிறதோ அந்தத் திசையில், அதாவது இந்த மனையில் வீட்டின் முன்சுவரை ஒட்டி அதற்கு இணையாக, சாய்தளத்தைத் திருப்பிவிட்டால் தரை நம்மோடு போட்டியிடாது. 600 மில்லிமீட்டருக்கு 7.2 மீட்டர் என்ற பழைய கணக்கே பெரும்பாலும் திரும்பிவரும். முன்பக்க அகலம் 9.1 மீட்டரே என்பதால் சமதளங்களோடு சேர்த்து இதை ஒரே நேராக அமைக்க இயலாது. நடுவில் திரும்பும் இரண்டு வரிசைகளாக மடிக்கவேண்டும். 1.5 மீட்டர் அகலமுள்ள இரண்டாம் வரிசை சுவரிலிருந்து சற்று விலகி அமைவதால் அதன் மையத்தில் தரை 45 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். அதையும் சேர்த்து 645க்குச் சரிவு 7.74 மீட்டர், வரிசைக்கு 3.87 மீட்டர். இரு முனைகளிலும் 1.5 மீட்டர் தளங்களோடு இது 6.9 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

உயரத்தை அளக்கும்போது மறக்கப்படும் மற்றொன்று தரைப்பூச்சு. உள்ளே தாண்டூர்க் கல்லோ கிரானைட்டோ பதிப்பதற்கு முன் எடுத்த அளவில், கலவையும் கல்லுமாகப் பின்னால் ஏறும் 50 மில்லிமீட்டர் இல்லை. சிறிய அளவுதான், ஆனால் சாய்தளத்தில் அது 600 மில்லிமீட்டராக, இரண்டடியாக, வெளிப்படும். எனவே அளவு எடுக்க வேண்டிய இரு புள்ளிகள், முடிந்த உள்தரையின் மேல்மட்டமும், சாய்தளம் முடியப்போகும் இடத்தின் தரைமட்டமுமே. இரண்டையும் தண்ணீர் நிரப்பிய நீண்ட ஒளிபுகும் குழாயால் ஒப்பிடுவது எளிது: குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்குமாதலால், அங்கங்கே நீர்மட்டத்திலிருந்து தரை வரை அளந்து கழித்தால் வித்தியாசம் கிடைக்கும். தெருவுக்குச் சாலை போடும்போதெல்லாம் பழைய தாரின் மேலேயே புதிய தார் ஏறும் ஊர்களில், அளவை மனை வாயிலுக்கு வெளியிலும் ஒருமுறை எடுத்துக்கொள்வது விவேகம்.

இதனிடையே ஒரு வார்த்தை. பல வீடுகளில் ஸ்கூட்டரை ஏற்றுவதற்காகப் படியோரம் சிமெண்டு பூசிய குறுகிய சரிவு ஒன்று இருக்கும், அதைக் காட்டி, "ராம்ப் இருக்கிறதே!" என்பவர்கள் உண்டு. எஞ்சினின் வலிமையைக் கணக்கில் கொண்டு பூசப்பட்ட அந்தச் சரிவில் சக்கர நாற்காலி ஏறுவதும் அபாயம். இறங்குவது அதைவிட அபாயம்.

கட்டி முடிந்த சாய்தளத்தைச் சோதிக்கக் கோணமானி வேண்டுவதில்லை. 1200 மில்லிமீட்டர் நீளமுள்ள நேரான மரச்சட்டத்தின் ஒரு முனையைச் சாய்தளத்தின் மேற்புறத்தில் ஊன்றி, ரசமட்டம் வைத்துச் சட்டத்தைச் சமமாகப் பிடித்து, மறுமுனைக்கும் தளத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்கவேண்டும். அது 100 மில்லிமீட்டருக்குள் இருந்தால் 1:12. 80க்குள் இருந்தால் 1:15. 60க்குள் இருந்தால் 1:20. மேலிருந்து கீழாக ஒவ்வொரு சட்ட நீளத்திலும் இதைச் செய்துகொண்டே போனால், மேற்பகுதியெல்லாம் 95, 98, 100 என்று ஒழுங்காக வந்து, தரையைத் தொடும் கடைசிச் சட்ட நீளத்தில் சட்டென்று 180, 200 என்று தாவுவதைக் காணலாம். அந்தரத்தில் நின்ற நுனியைத் தரையோடு சேர்ப்பதற்காக மேஸ்திரி கடைசி நாளில் கலவையைச் சரித்துப் பூசிய இடம் அது. உயரத்தை வாசலடியில் அளந்தார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.